வரியில்லா பத்திரமா, வரி உள்ள பத்திரமா: கையில் நிற்கும் வட்டியைக் கணக்கிடும் முறை

சேலம் ஃபேர்லேண்ட்ஸில் ஓய்வூதியம் வாங்கும் ஆசிரியர், உருக்காலையில் வேலை பார்ப்பவர், ஏற்காட்டில் காபித் தோட்டம் வைத்திருப்பவர் என மூன்று பேர் இருக்கிறார்கள். ஒவ்வொருவரிடமும் ஐந்து ஆண்டுகளுக்குத் தேவைப்படாத 10 லட்சம் ரூபாய் இருக்கிறது. எதிரில் இரண்டு பத்திரங்கள்: ஒன்றின் வட்டிக்கு வரி உண்டு, மற்றதற்கு இல்லை. யாருக்கு எது என்பதைக் கண்டுபிடிக்கும் வேலையை வரிசைப்படி கீழே செய்திருக்கிறோம்.

பலர் முதலில் வரி விகிதத்தைப் பிடித்துக்கொண்டு கடைசியில் பத்திரத்தின் விலையைப் பார்க்கிறார்கள். அதைத் திருப்பிச் செய்ய வேண்டும். விலையிலிருந்து உண்மையான வருவாய் தெரியாதவரை வரியைக் கழிக்க அடிப்படையே இல்லை.

1. உட்காருவதற்கு முன் எடுத்து வைக்க வேண்டியவை

கடந்த ஆண்டின் வருமான வரிக் கணக்குத் தாள், இந்த ஆண்டு எதிர்பார்க்கும் வருமானம், விவசாய வருமானம் இருந்தால் அதன் நிகரத் தொகை. இவற்றோடு இரண்டு பத்திரங்களின் தனி அடையாள எண்ணான ஐசின் எண், முதிர்வில் திரும்ப வரும் தொகையான முகமதிப்பு, வட்டி விகிதம், வட்டி தரும் தேதி, முதிர்வுத் தேதி. எக்செல் அல்லது கூகுள் ஷீட்ஸ் போதும்.

கீழுள்ள கணக்குகள் எல்லாம் 2025-26 நிதியாண்டின் புதிய வரி முறைப்படி போடப்பட்டவை. அதன்படி முதல் 4 லட்சத்துக்கு வரி இல்லை. அதன் பிறகு ஒவ்வொரு 4 லட்சத்துக்கும் 5, 10, 15, 20, 25 சதவீதம். 24 லட்சத்துக்கு மேல் 30 சதவீதம். வரியின் மேல் 4 சதவீத செஸ். மொத்த வருமானம் 12 லட்சத்தைத் தாண்டாதவருக்கு 60,000 ரூபாய் வரை தள்ளுபடி உண்டு. பழைய முறையில் இருப்பவர் தன் அடுக்குகளைப் போட்டு இதே வழியில் போகலாம்.

2. பத்திரம் உண்மையிலேயே வரியில்லாததா என்று பாருங்கள்

வெளியிட்ட நிறுவனத்தின் பெயரைப் பார்த்து முடிவு செய்வதுதான் இங்கே நடக்கும் முதல் தவறு. தேசிய நெடுஞ்சாலை ஆணையம், ஆர்.இ.சி., பி.எஃப்.சி., ஐ.ஆர்.எஃப்.சி., ஹட்கோ, நபார்டு போன்ற அரசு நிறுவனங்கள் 2011-12 முதல் 2015-16 வரை வரியில்லா பத்திரங்களை வெளியிட்டன. அதன் பின் புதிதாக வரவில்லை. ஆகவே இன்று வாங்குவதென்றால் டீமேட் கணக்கு வழியாகப் பங்குச் சந்தையில், ஏற்கெனவே வைத்திருப்பவரிடமிருந்துதான்.

இதே நிறுவனங்கள் வரி உள்ள பத்திரங்களையும் வெளியிடுகின்றன. வீடோ நிலமோ விற்ற லாபத்தின் வரியை மிச்சப்படுத்த வாங்கும் 54 இ.சி. பத்திரங்களும் இவற்றில் சிலவற்றிடமிருந்தே வருகின்றன. அந்தப் பத்திரத்தில் விலக்கு கிடைப்பது விற்ற லாபத்துக்கு மட்டும்; அது தரும் வட்டிக்கு வரி உண்டு. ‘வரி மிச்சமாகும் பத்திரம்’ என்று சொல்லி இரண்டையும் ஒன்றாகக் கலந்து பேசுவது வழக்கமாகிவிட்டது.

ஐசின் எண்ணை வைத்து அந்த வெளியீட்டின் ஆவணத்தைத் தேடி, வட்டி மொத்த வருமானத்தில் சேராது என்ற வரி இருக்கிறதா என்று பாருங்கள். அதே ஆவணத்தில் இன்னொன்றும் பார்க்க வேண்டும். சிறு முதலீட்டாளருக்குத் தந்த கூடுதல் வட்டி, சில வெளியீடுகளில் முதலில் வாங்கியவருக்கு மட்டுமே. சந்தையில் கைமாறியதும் விகிதம் இறங்கிவிடும். திரையில் தெரியும் பெயரில் பழைய விகிதமே ஒட்டிக்கொண்டிருக்கலாம். உங்களுக்குக் கிடைக்கப்போகும் விகிதம் எது என்று தெரிந்துகொண்டு மேலே செல்லுங்கள்.

3. திரையில் தெரியும் விலையிலிருந்து சேர்ந்த வட்டியைக் கழியுங்கள்

இந்தப் பத்திரங்கள் பங்குகளோடு ஒரே சந்தையில் நடக்கும்போது, திரையில் தெரியும் விலைக்குள் அன்றுவரை சேர்ந்த வட்டியும் அடங்கியிருக்கும். வட்டி ஆண்டுக்கு ஒருமுறை வருவதால், வட்டித் தேதி நெருங்க நெருங்க விலை ஏறுவது போலத் தெரியும். வட்டி பெறத் தகுதியான தேதி கடந்ததும் விலை சட்டென்று விழும். இரண்டுமே லாபமோ நட்டமோ அல்ல.

உதாரணத்துக்கு, 1,000 ரூபாய் முகமதிப்பும் 7.60 சதவீத வட்டியும் உள்ள பத்திரத்தை எடுத்துக்கொள்வோம். கடைசி வட்டி வந்து 182 நாள் ஆகியிருந்தால் சேர்ந்த வட்டி 76 × 182 ÷ 365, அதாவது சுமார் 38 ரூபாய். திரையில் 1,128 என்றிருந்தால் நிகர விலை 1,090. கழிக்காமல் 1,128-ஐ அப்படியே போட்டால் வருவாய் உண்மையைவிடக் குறைவாகத் தெரியும். நல்ல பத்திரத்தைத் தள்ளிவிடுவீர்கள்.

இனி வரும் கணக்குகளில் குழப்பம் வேண்டாம் என்பதற்காக, வட்டி நேற்று வந்துவிட்டது, முதிர்வுக்குச் சரியாக ஐந்து ஆண்டு இருக்கிறது, நிகர விலை 1,090 என்று வைத்துக்கொள்வோம்.

4. முதிர்வு வரையிலான வருவாயைக் கண்டுபிடியுங்கள்

இப்போது மூன்று எண்கள் கண்ணில் படும். பத்திரத்தின் மேல் எழுதியிருப்பது 7.60 சதவீதம். கொடுத்த விலைக்கு வட்டியை வகுத்தால் 76 ÷ 1,090, கிட்டத்தட்ட 6.97 சதவீதம். மூன்றாவது எண்தான் நமக்கு வேண்டியது. 1,090 கொடுத்து வாங்கிய பத்திரத்துக்கு முதிர்வில் 1,000 ரூபாய்தான் வரும். அந்த 90 ரூபாய் இழப்பையும் சேர்த்துப் பார்த்தால் வருவாய் 5.49 சதவீதம்.

```
=YIELD(DATE(2026,1,15),DATE(2031,1,15),7.6%,109,100,1,1)
```

இதில் விலையை நூறு ரூபாய்க்கு எவ்வளவு என்று போட வேண்டும். 1,090 என்பது 109 ஆகும். இங்கேயும் நிகர விலையைத்தான் போட வேண்டும். அதற்கடுத்து வரும் 100, முதிர்வில் நூறுக்கு எவ்வளவு திரும்ப வரும் என்பது. அதன் பக்கத்து 1 ஆண்டுக்கு ஒரு வட்டி என்று சொல்கிறது.

10 லட்சத்தில் இது எப்படி ஓடும் என்று பார்த்தால் புரிந்துவிடும். 917 பத்திரங்கள் வாங்கலாம். விலை 9,99,530 ரூபாய், தரகுத் தொகை தனி. ஆண்டுக்கு 69,692 ரூபாய் வட்டி வரும். ஐந்தாம் ஆண்டு முடிவில் கைக்கு வரும் அசல் 9,17,000 மட்டுமே. ஆண்டு வட்டியை மட்டும் பார்த்து ‘ஏழு சதவீதம், அதுவும் வரியில்லாமல்’ என்று நினைப்பவர் ஒவ்வோர் ஆண்டும் தன் அசலிலேயே கொஞ்சத்தை எடுத்துச் சாப்பிடுகிறார்.

போட்டிக்கு நிற்கும் வரி உள்ள பத்திரத்துக்கும் இதே மூன்றாவது எண்ணைத்தான் எடுக்க வேண்டும். நமது உதாரணத்தில் அது உயர்ந்த தரச்சான்று பெற்ற அரசு நிறுவனப் பத்திரம்: ஐந்து ஆண்டு, முகமதிப்பிலேயே கிடைக்கிறது, ஆண்டுக்கு ஒருமுறை 7.20 சதவீத வட்டி. அரசுப் பத்திரங்களைப் போல ஆறு மாதத்துக்கு ஒருமுறை வட்டி தருவதாக இருந்தால் 7.20 என்பது ஆண்டுக் கணக்கில் 7.33 ஆகும். இரண்டையும் ஆண்டுக் கணக்குக்குக் கொண்டுவந்த பிறகே ஒப்பிடுங்கள்.

முதிர்வும் தரமும் ஒத்திருக்க வேண்டும். ஐந்தாண்டு வரியில்லா பத்திரத்தை ஓராண்டு வைப்பு நிதியோடோ, ஒன்பது சதவீதம் தரும் தனியார் நிதி நிறுவனப் பத்திரத்தோடோ வைத்துப் பார்த்தால், கிடைக்கும் வித்தியாசம் வரியால் வந்ததா, காலத்தாலா, அபாயத்தாலா என்று பிரிக்க முடியாது.

5. வரியை இரண்டு முறை போடுங்கள்

பிழை அதிகம் நடக்கும் இடம் இது. பொதுவாக எல்லோரும் அடுக்கு அட்டவணையைப் பார்த்து, ‘நான் பதினைந்து சதவீத ஆள்’ என்று சொல்லி 7.20-இல் பதினைந்தைக் கழித்துவிடுகிறார்கள். அது சில நேரம் சரியாக வரும். சில நேரம் பாதிக்குப் பாதி தப்பாகும். பாதுகாப்பான வழி ஒன்றுதான். இந்த வட்டி இல்லாமல் மொத்த வரி எவ்வளவு என்று ஒருமுறை போடுங்கள். வட்டியைச் சேர்த்து இன்னொருமுறை போடுங்கள். இரண்டுக்கும் உள்ள வித்தியாசமே இந்தப் பத்திரம் உங்களுக்கு இழுத்துவிடும் வரி.

10 லட்சத்துக்கு 7.20 சதவீதம் என்றால் ஆண்டு வட்டி 72,000 ரூபாய். மூன்று பேருக்கும் போட்டுப் பார்ப்போம்.

*ஓய்வுபெற்ற ஆசிரியர்.* கழிவுகள் போக மொத்த வருமானம் 6 லட்சம். வட்டி சேர்ந்தால் 6,72,000. அட்டவணை இவரை ஐந்து சதவீத அடுக்கில் வைக்கிறது. ஆனால் தள்ளுபடியால் இரண்டு கணக்கிலும் வரி பூஜ்யம். 72,000-மும் அவருக்கே. வரி உள்ள பத்திரம் 7.20, வரியில்லாதது 5.49. இவருக்கு வரியில்லா பத்திரம் வாங்கிக் கொடுப்பது, இல்லாத வரியிலிருந்து தப்பிக்க ஆண்டுக்கு 1.71 சதவீதத்தைக் கட்டணமாகக் கொடுப்பது போல. வட்டி தரும்போதே பத்து சதவீதம் பிடித்துக்கொள்வார்களே என்ற பயம் இவருக்கு இருக்கலாம். அப்படிப் பிடித்த பணம் வரிக் கணக்கு தாக்கல் செய்தால் திரும்பி வரும். அதை வரியாகக் கணக்கில் சேர்க்கக்கூடாது.

*உருக்காலை ஊழியர்.* கழிவுகள் போக மொத்த வருமானம் 11,70,000. வட்டி இல்லாமல் வரி பூஜ்யம். வட்டி சேர்ந்தால் 12,42,000. 12 லட்சத்தைத் தாண்டியதும் தள்ளுபடி முழுவதும் போய்விடுகிறது. அடுக்குப்படி வரி 66,300. இந்த எல்லையில் ஒரு நிவாரணம் இருக்கிறது: வரி, 12 லட்சத்துக்கு மேல் போன தொகையைத் தாண்டக்கூடாது. ஆகவே வரி 42,000, செஸ் 1,680, மொத்தம் 43,680. வந்த 72,000-இல் மிஞ்சுவது 28,320. 10 லட்சத்துக்கு அது 2.83 சதவீதம்.

அட்டவணையை மட்டும் பார்த்திருந்தால் செஸ்ஸோடு 15.6 சதவீதம் கழித்து 6.08 என்று எழுதி, வரி உள்ள பத்திரமே மேல் என்று முடித்திருப்பார். வரியில்லா பத்திரத்தின் வட்டி மொத்த வருமானத்தில் சேராது. அதனால் தள்ளுபடியும் தப்பிக்கிறது. இவருக்கு 5.49 தெளிவாக மேல். இந்தப் பள்ளம் 12 லட்சத்திலிருந்து சுமார் 12.70 லட்சம் வரைதான். சம்பளத்திலேயே அதைக் கடந்துவிட்டவருக்கு 15.6 சதவீதக் கணக்கே சரி.

*காபித் தோட்டக்காரர்.* வாடகை, வியாபாரம் என வரிக்குரிய வருமானம் 9 லட்சம். காபிப் பழத்தையும் மிளகையும் விற்பதில் நிகர விவசாய வருமானம் 15 லட்சம். ‘விவசாய வருமானத்துக்கு வரி கிடையாது, 9 லட்சம் 12-க்குக் கீழே, ஆகவே எனக்கு வரியே இல்லை’ என்பது மலையில் அடிக்கடி காதில் விழும் பேச்சு.

விவசாய வருமானத்துக்கு வரி இல்லை என்பது சரி. ஆனால் அது 5,000 ரூபாயைத் தாண்டி, மற்ற வருமானம் அடிப்படை விலக்கான 4 லட்சத்தையும் தாண்டினால், மற்ற வருமானத்துக்கான விகிதத்தைக் கண்டுபிடிக்க விவசாய வருமானமும் உள்ளே வரும். முறை இது: இரண்டையும் கூட்டி வரி போடு; விவசாய வருமானத்தோடு 4 லட்சத்தைக் கூட்டி இன்னொரு வரி போடு; முதலாவதிலிருந்து இரண்டாவதைக் கழி.

இவருக்கு 24 லட்சத்துக்கான வரி 3,00,000. 15 லட்சத்தோடு 4 லட்சம் சேர்ந்த 19 லட்சத்துக்கு 1,80,000. வித்தியாசம் 1,20,000. மொத்த வருமானம் 9 லட்சம்தான் என்பதால் தள்ளுபடி உண்டு, ஆனால் அதன் உச்சம் 60,000. மிச்சம் 60,000, செஸ்ஸோடு 62,400. பத்திரம் வாங்கும் முன்பே இவர் வரி கட்டுகிறவர்தான்.

இப்போது 72,000-ஐச் சேர்த்தால் முதல் கூட்டுத்தொகை 24,72,000. அதற்கு வரி 3,21,600. அதே போலக் கழித்து வந்தால் செஸ்ஸோடு 84,864. வித்தியாசம் 22,464, அதாவது வட்டியில் 31.2 சதவீதம். கையில் நிற்பது 49,536, வருவாய் 4.95 சதவீதம். இவருக்கும் 5.49-தான் மேல்.

தோட்டத்திலேயே காபியைப் பதப்படுத்திக் கொட்டையாக விற்றால் அந்த வருமானத்தில் 25 சதவீதமும், வறுத்து அரைத்துத் தூளாக விற்றால் 40 சதவீதமும் வியாபார வருமானமாகிவிடும். அப்போது 9 லட்சம் என்ற எண்ணே மாறும். அது 12 லட்சத்தைத் தாண்டினால் தள்ளுபடியும் போகும். ஆடிட்டரிடம் பேசும்போது எந்த நிலையில் விற்கிறீர்கள் என்பதை முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

6. சமநிலை விகிதத்தைக் குறித்துக்கொள்ளுங்கள்

இரண்டு பத்திரமும் சமமாகும் வரி விகிதம் ஒன்று உண்டு. ஒன்றிலிருந்து 5.49 ÷ 7.20-ஐக் கழித்தால் கிடைப்பது 23.75 சதவீதம். படி 5-இல் வந்த உங்கள் விகிதம் இதைவிட அதிகமானால் வரியில்லாதது, குறைவானால் வரி உள்ளது. செஸ்ஸோடு 20.8 சதவீதம் கட்டுபவருக்கு வரி உள்ள பத்திரம் 5.70 தருகிறது, 26 சதவீதக்காரருக்கு 5.33. வருமானம் 50 லட்சத்தைத் தாண்டிக் கூடுதல் வரியும் சேர்ந்து 34.32 சதவீதம் கட்டும் மருத்துவருக்கு 4.73.

இந்த 23.75 நிரந்தரம் அல்ல. வரியில்லா பத்திரத்தின் விலை ஏறினால் அதன் வருவாய் குறைந்து, சமநிலை மேலே போகும். வாங்கும் நாளில் மறுபடி போட வேண்டும்.

7. வரி உள்ள பத்திரம் முகமதிப்பில் இல்லாவிட்டால்

மேலே 7.20-ஐ நேராக விகிதத்தால் பெருக்கியது, பத்திரம் 1,000 ரூபாய்க்கே கிடைத்ததால் சரியாக வந்தது. 8.50 சதவீத வட்டி உள்ள பத்திரம் 1,053 ரூபாய்க்குக் கிடைக்கிறது என்றால் அதன் வருவாயும் 7.20-தான். ஆனால் வரி 85 ரூபாய் வட்டி முழுவதற்கும் விழும். அதிகம் கொடுத்த 53 ரூபாயை வட்டியிலிருந்து கழிக்க விடமாட்டார்கள். 31.2 சதவீதக்காரருக்குக் கையில் நிற்கும் வருவாய் 4.95 அல்ல, 4.64.

எனவே ஆண்டு வாரியாகப் பணம் போவதையும் வருவதையும் ஒரு நெடுவரிசையில் எழுதுங்கள். முதல் கட்டத்தில் −1053, அடுத்த நான்கில் வரி போக வட்டி 58.48, கடைசியில் 1058.48. இந்த ஆறு கட்டங்களிலிருந்து ஆண்டு வருவாயைக் கண்டுபிடித்துத் தருவது இது:

```
=IRR(A1:A6)
```

முகமதிப்புக்கு மேல் கொடுத்த தொகை முதிர்வில் மூலதன நட்டமாகிறது. பங்கு விற்றது போன்ற நீண்டகால லாபம் இருப்பவர் அதை ஈடுகட்டலாம். வரியில்லா பத்திரத்தின் 90 ரூபாய்க்கும் இது பொருந்தும். அப்படி லாபம் இல்லாதவர் இதைக் கணக்கில் சேர்க்காமல் இருப்பதே நல்லது. இன்னொரு பக்கம், வரியில்லா பத்திரத்தை இடையில் லாபத்துக்கு விற்றால் அந்த லாபத்துக்கு வரி உண்டு. விலக்கு வட்டிக்கு மட்டும்.

8. வாங்கும்போது

விலை வரம்பு குறிப்பிடாமல் ஆர்டர் போடாதீர்கள். பல தொடர்களில் நாளுக்குச் சில பத்திரங்களே கைமாறும். திரையில் தெரியும் கடைசி விலை போன வாரத்துடையதாகக்கூட இருக்கலாம். எந்த வருவாய்க்குக் கீழே வேண்டாம் என்று முடிவு செய்து, அதற்குரிய நிகர விலையோடு சேர்ந்த வட்டியைக் கூட்டி, அந்த எண்ணை வரம்பாகப் போடுங்கள். ஒரே நிறுவனத்துக்குப் பல தொடர்கள் இருப்பதால் பெயரை நம்பாமல் ஐசின் எண்ணைச் சரிபாருங்கள்.

9. ஐந்து ஆண்டும் ஒரே விகிதமா?

உருக்காலை ஊழியரின் கணக்கை இங்கே திருப்பிப் பார்க்க வேண்டும். 2.83 என்பது அவர் வேலையில் இருந்து, வருமானமும் அதே எல்லையில் நிற்கும் ஆண்டுகளுக்கு மட்டும். இரண்டு ஆண்டில் ஓய்வு, அதன் பின் மொத்த வருமானம் 5 லட்சம் என்று வைத்துக்கொள்ளுங்கள். முதல் இரண்டு ஆண்டு அவருக்கு நிற்பது 28,320. பிந்தைய மூன்று ஆண்டும் 72,000 முழுதாக. இதை ஐஆர்ஆர் கணக்கில் போட்டால் வரி உள்ள பத்திரத்தின் வருவாய் 5.32 சதவீதம். வரியில்லாததன் 5.49 இன்னும் மேல்தான், ஆனால் மயிரிழையில்.

ஓய்வுக்கு ஓர் ஆண்டே இருந்தால் அதே கணக்கு 6.22 என்று வந்து முடிவு தலைகீழாகிறது. பிறந்த தேதியை வைத்தே தெரிந்துவிடும் இந்த ஒரு விவரத்தைப் பெரும்பாலானோர் கணக்கில் போடுவதே இல்லை.

தோட்டக்காரருக்கு வேறு மாதிரி. அராபிகா ஓராண்டு கொத்தாகக் காய்த்தால் மறு ஆண்டு இளைப்பாறும். விளைச்சல் குறைந்த ஆண்டில் விவசாய வருமானம் 15 லட்சத்திலிருந்து 6 லட்சமாக இறங்கினால், 72,000 வட்டிக்கு அவர் விகிதம் 31.2 அல்ல, 15.6 ஆகிவிடும். அதனால் நல்ல ஆண்டுக்கு ஒன்று, மோசமான ஆண்டுக்கு ஒன்று என இரண்டு விகிதங்களை மாற்றி மாற்றி ஐந்து ஆண்டுக்கும் போட்டு, அதிலிருந்து வரும் வருவாயை 5.49-க்கு எதிரே வையுங்கள். கடைசியாகக் காய்த்த ஆண்டின் கணக்குத் தாளை மட்டும் எடுத்துக்கொண்டு வந்தால் விடை எப்போதும் வரியில்லா பத்திரத்தின் பக்கமே சாய்ந்திருக்கும்.